மண்ணடி வீட்டு விட்டத்துக்கு மாற்று மரம்: தேர்வு, காய்ச்சல், இணைப்பு

ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்கு விட்டங்கள் தெரியும். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காங்கிரீட், கடைசியாகத் தட்டோடு. இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்கிறோம். இந்தக் கூரையில் முதலில் கெடுவது பெரும்பாலும் விட்டத்தின் நடுப்பகுதி அல்ல. சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கும் நுனிதான் கெடும். மழைநீர் சுவரில் இறங்கினால் அந்த நுனி காயவே காயாது.

மண்ணடியில் ஒரு மாடி வீட்டில் நான் செய்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன். அறை 10 அடி அகலம். விட்டங்கள் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி இடைவெளி. மேற்குச் சுவர் ஓரம் ஒரு விட்டத்தின் நுனி மக்கிப்போயிருந்தது. முழு விட்டத்தையும் மாற்றாமல், கெட்ட நுனியை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரத்தைச் சேர்த்தோம். இந்த வேலையில் எல்லாமே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. சேர்க்கும் நாளில் புது மரமும் பழைய மரமும் ஒரே அளவு காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் சாதி, உளி வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழைய மரத்தை முதலில் படியுங்கள்

மரக்கடைக்குப் போகுமுன் வீட்டு மரத்தை அளந்துவிடுங்கள். கொட்டாப்புளியால் விட்டத்தின் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். சத்தம் மாறும் இடத்தில் கூர்மையான குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல தேக்கில் ஊசி ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் இறங்காது. நெம்பினால் நீளமான சிம்பாகப் பெயரும். மக்கிய மரத்தில் ஊசி சுலபமாக இறங்கும், சிம்பும் சிறுசிறு துண்டாக உடையும். எங்கள் விட்டத்தில் சுவருக்குள் இருந்த 5 அங்குலமும், சுவரை விட்டு வெளியே 3 அங்குலமும் போயிருந்தன. பாதுகாப்புக்கு இன்னும் ஓர் அங்குலம் சேர்த்து, சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் தள்ளி நல்ல மரம் தொடங்குகிறது என்று கோடு போட்டோம்.

அப்புறம் ஈரமானி. இரண்டு ஊசி வைத்த சாதாரணக் கருவியே போதும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. மரத்தில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கடற்காற்று உப்பு ஏறிய மரத்திலும், சுண்ணாம்பு பட்ட மேற்பரப்பிலும் ஈரம் இல்லாமலே எண் கூடிக் காட்டும். வட சென்னையில் இரண்டுமே உண்டு. அதனால் மேற்பரப்பைக் கொஞ்சம் செதுக்கிவிட்டு அளக்க வேண்டும். மர வகைக்கு ஏற்றபடி கருவியை மாற்றி வைக்கும் வசதி இருந்தால் அதைத் தேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பிப்ரவரி மாதம் விட்டத்தின் நடுவில் 14 சதவீதம் வந்தது. கெட்ட நுனியில் 26. மரம் மக்குவதற்கு ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்க வேண்டும். ஆக இது பழைய கதை அல்ல, அப்போதும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் வாய் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தது. அதை அடைத்த பிறகுதான் மரவேலையைப் பற்றிப் பேசினோம். தண்ணீரை நிறுத்தாமல் மாட்டும் மரமும் அதே வழியில்தான் போகும்.

சென்னைக் காற்றில் மரம் கடைசியில் எங்கே நிற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மரம் 13 பக்கம் வந்து நிற்கும். 80 சதவீதம் என்றால் 15, 16. அதனால் கூரை மரத்துக்கு 14 என்பது இந்த ஊருக்குச் சரியான இலக்கு. வெளியூர் சூளையில் 8 சதவீதம் வரை காயவைத்த மரத்தை வாங்கி வந்து உடனே பொருத்தினால், அது இங்கே ஈரத்தை இழுத்து உப்பும்.

என்ன மரம், எங்கே

பழைய மரம் தேக்கு என்றால் தேக்கையே சேருங்கள். விலை, அழகு என்பதற்காக அல்ல, இரண்டும் ஒன்றுபோல உப்பிச் சுருங்க வேண்டும் என்பதற்காக. தேக்கு அதிகம் அசையாத மரம். அதோடு வேறு மரத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்று ஒரு அளவுக்கும் மற்றது வேறு அளவுக்கும் நகரும். இணைப்பு அதில்தான் தளரும். வேங்கை பலமான மரம், கோங்கு என்று கடையில் கொடுப்பதும் பாரம் தாங்கும். முழு விட்டத்தையும் மாற்றுவதாக இருந்தால் அவற்றை யோசிக்கலாம். பாதித் தேக்கோடு ஒட்டுப்போட அவை வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது தேக்குதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கூரான உளியால் ஒரு சீவு சீவினால் தேக்குக்கு உரிய தோல் வாசனை அடிக்கும், விரலில் லேசாக எண்ணெய் பிசுக்கும் படும். இங்கே சில வீடுகளில் பின்கட்டு அறைகளுக்கு மட்டும் பனங்கட்டை போட்டிருப்பார்கள். அதன் முறையே வேறு, இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

பழைய பர்மாத் தேக்கு இன்று புதிதாகக் கிடைக்காது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த மரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதை ஒட்டி உள்ளே இருக்கும் வெளுத்த வெள்ளைக்கட்டையையும் வளையமாக எடுத்துவிட்டு, மரத்தை நின்றபடியே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும் என்பதற்காகச் செய்தது அது. அந்தக் காய்ச்சலின் பலனைத்தான் நம் வீட்டுக் கூரைகள் இன்னும் அனுபவிக்கின்றன.

அதனால் இடித்த வீட்டு மரம்தான் நமக்கு முதல் வழி. வால்டாக்ஸ் சாலை பக்கத்து மரக்கடைகளில் விசாரித்தாலே பழைய மரம் வைத்திருப்பவர்களைச் சொல்வார்கள். வாங்கும்போது நான் பார்ப்பது இவை. முனையைச் செதுக்கி, நடுவில் கெட்டியான வைரம் எவ்வளவு, வெள்ளைக்கட்டை எவ்வளவு என்று பார்ப்பேன். ஓரத்தில் வெளுத்த பகுதி இருந்தால் அது வெள்ளைக்கட்டை. உளுப்பதும் கரையான் பிடிப்பதும் அங்கேதான், அதை முழுக்கச் சீவியெறிய வேண்டும். ரேகை நீளவாட்டில் நேராக ஓட வேண்டும். ஓர் அடி நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்து ஓடினால் விட்டத்துக்கு அது வேண்டாம். கணு இருந்தால் இணைப்பு வரும் இடத்திலும் கீழ் விளிம்பிலும் இருக்கக்கூடாது. பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஆணி இருந்தால் அறுவை மில்லில் வாங்க மாட்டார்கள், அவர்கள் வாள் போய்விடும்.

வருட வளையம் நெருக்கமாக இருந்தால்தான் நல்ல தேக்கு என்று பலர் சொல்கிறார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். தேக்கில் வேகமாக வளர்ந்தது என்பதாலேயே பலம் குறைந்துவிடாது. தோட்டத் தேக்கில் குறை என்னவென்றால் இளம் வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். அதனால் வெள்ளைக்கட்டை அதிகம், மரத்தின் நட்டநடுவே ஓடும் உள்ளோட்டத்தை ஒட்டிய மென்மையான பகுதியும் அதிகம். 4 அங்குலக் கட்டையில் உள்ளோட்டம் தெரிந்தால் காயும்போது அது வெடிக்கும், எடுக்காதீர்கள்.

வாங்கியதற்கு பில் கேளுங்கள். தேக்கை வண்டியில் கொண்டுபோக வனத்துறை விதிகள் உண்டு. வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் வேலைக்கு முன் சி.எம்.டி.ஏ.விடமும் கேட்டுவிடுங்கள்.

காய வைப்பது

பழைய மரம் என்றால் காய்ந்த மரம் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு, ‘நூறு வருஷத்து மரம் தம்பி, இதுக்கு மேல என்ன காயணும்’ என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அளக்காமல் பொருத்தினேன். அந்த மரம் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில் இரண்டு மழைக்காலம் கிடந்திருக்கிறது. அடுத்த மே மாதம் விட்டத்துக்கும் மேலே இருந்த செங்கல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது, டெரஸில் அதே கோட்டில் விரிசல், அடுத்த மழையில் ஒழுகல். அந்த வீட்டு அம்மாவுக்கு நான் பதில் சொன்ன நாளை மறக்க முடியவில்லை.

அங்கே நடந்த கணக்கு இதுதான். தேக்கு, வளையத்தின் போக்கில், ஒரு சதவீத ஈரம் இறங்கினால் தன் அளவில் ஏறத்தாழ 0.19 சதவீதம் சுருங்கும். 6 அங்குலம் என்பது 150 மி.மீ. 25 சதவீதத்திலிருந்து 14க்கு இறங்கினால் 3 மி.மீ. சுருக்கம். சுண்ணாம்பு டெரஸுக்கு 3 மி.மீ. மிக அதிகம். வளையத்துக்குக் குறுக்கே, அதாவது மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில், சுருக்கம் ஏறத்தாழ இதில் பாதிதான். அதனால் விட்டத்தின் உயரவாட்டில் இந்தத் திசை வரும்படி கட்டையை அறுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், முனையில் தெரியும் வளையம் பழைய விட்டத்தில் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அதே பக்கம் புதுக் கட்டையிலும் இருக்கட்டும்.

மண்ணடி வேலைக்கு 5 அங்குலம், 7 அங்குலம் குறுக்களவில் ஒரு பழைய உத்திரத் துண்டு எடுத்தோம். முனையிலிருந்து ஓர் அடி தள்ளி, குறுக்கே ஓர் அங்குலத் தடிமனில் ஒரு வில்லை அறுத்தேன். முனையை ஒட்டி எடுத்தால் பயனில்லை, அங்கே ஈரம் மற்ற இடத்தைவிட வேகமாக ஏறி இறங்கும். வில்லையிலிருந்து வெளி ஓரத்தில் ஒரு துண்டும் நடுப்பகுதியில் ஒரு துண்டும் வெட்டி, அறுத்த உடனே எடை போட்டேன். பிறகு 103 டிகிரி வைத்த ஓவனில், எடை இறங்குவது நிற்கும்வரை வைத்தேன். ஒரு நாள் பிடித்தது. கணக்கு சுலபம்:

ஈரப்பதம் = (ஈர எடை − உலர் எடை) ÷ உலர் எடை × 100

வெளித் துண்டு 123 கிராமிலிருந்து 100க்கு இறங்கியது: 23 சதவீதம். நடுத் துண்டு 92லிருந்து 80க்கு: 15 சதவீதம். அதாவது உள்ளே காய்ந்த பழைய மரம்தான், மழை வெளியிலிருந்து ஏறியிருக்கிறது. இது நல்ல செய்தி. பச்சை மரம் என்றால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இது அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மாறாக நடுவில் 25, வெளியே 15 என்று வந்தால், ஈரமானி மேலே நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். அந்த மரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 19.4. தேவையான 4 அடித் துண்டைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தோம். 19 கிலோ. இதில் மரம் மட்டும் எவ்வளவு? 19ஐ 1.194ஆல் வகுத்தால் 15.9 கிலோ. 14 சதவீத ஈரத்தோடு அது 15.9 × 1.14, அதாவது 18.1 கிலோ இருக்கும். இனி ஈரமானியே தேவையில்லை, எடை 18.1க்கு வந்தால் போதும். வாரம் ஒருமுறை நிறுத்து, கட்டையின் மேலேயே சாக்பீஸில் எழுதிவைத்தோம்.

அடுக்குவதில் அவசரம் வேண்டாம். கூரை உள்ள, காற்றோடும் இடம். வெயில் நேராகப் படக்கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலச் சட்டம் வைத்து அதன் மேல் கட்டை. பல கட்டைகளை அடுக்கினால் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று நேராக வர வேண்டும், இல்லாவிட்டால் மரம் கோணும். இரண்டு முனையிலும் மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூசுங்கள். அந்தக் காலத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்புவார்கள், வேலை அதே வேலைதான். முனை வழியே ஈரம் வேகமாக ஓடினால் முனை வெடிக்கும். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. கடைசி இரண்டு வாரம் கட்டையை அந்த வீட்டு அறைக்குள்ளேயே வைத்திருந்தோம்.

மரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு காயவைக்கும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. அது சாறையும் மாவுச்சத்தையும் வெளியேற்றி உளுப்பதைக் குறைக்கும். செய்வதென்றால் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட மரம் காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முட்டுக் கொடுத்து வெட்டுவது

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். கெட்ட விட்டத்துக்கும் இரண்டு பக்கத்து விட்டங்களுக்கும் அடியில் பலகை கொடுத்து இரும்பு ஜாக்கி முட்டு வையுங்கள். கீழ்த்தளத்திலும் அதே நேர்கோட்டில் முட்டு வேண்டும், பாரம் தரைக்குப் போக வேண்டும். ஜாக்கி கையால் இறுகியதும் நிறுத்துங்கள். தொங்கிய கூரையை நேராக்குகிறேன் என்று தூக்கினால் சுண்ணாம்புக் காங்கிரீட் பிளந்துவிடும்.

விட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் சுண்ணாம்பை மெல்லிய ரம்பத்தால் அறுத்து விடுவித்த பிறகு, குறித்த கோட்டில் வெட்டலாம். சுவர்க் குழியைச் சுத்தம் செய்து, அடியில் ஒரு கருங்கல் துண்டை ரசமட்டம் பார்த்து வையுங்கள்.

இணைப்பு

மரத்தை நீளவாட்டில் சேர்க்கப் பல வழிகள் உண்டு. கூரை விட்டத்துக்கு நான் எடுப்பது, அகலத்தில் பாதிக்குப் பாதி எடுத்துப் பக்கவாட்டில் அணைப்பது. பழைய விட்டத்தில் 2 அங்குல அகலம் நிற்கும், புதுத் துண்டில் 2 அங்குலம். ஆனால் இரண்டுமே 6 அங்குல உயரத்தோடு நிற்கும். மேல்பாதி, கீழ்பாதி என்று எடுத்தால் ஒவ்வொன்றும் 3 அங்குல உயரம்தான். வளைவைத் தாங்குவதில் உயரம்தான் பெரிய கணக்கு, அதைப் பாதியாக்கக்கூடாது.

அணைப்பு நீளம் 24 அங்குலம், அதாவது உயரத்தைப் போல நாலு மடங்கு. சுவரிலிருந்து 4 அங்குலத்தில் தொடங்கி 28 அங்குலத்தில் முடிகிறது, நடு 16 அங்குலத்தில். 10 அடி விட்டத்தில் அந்த இடத்தில் வரும் வளைவு, விட்டத்தின் நடுவில் வருவதில் பாதிக்கும் குறைவு. நுனி ஒட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். அழுகல் மூன்று, நாலு அடி உள்ளே போயிருந்தால் ஒட்டு நடுவை நோக்கி நகர்ந்துவிடும். அப்போது முழு விட்டத்தையும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு பாதியின் முனையையும் செங்குத்தாக வெட்டாமல் உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். அந்த முனை வந்து முட்டும் எதிர்ப்பக்கத் தோளிலும் அதே சாய்வு. அப்போது முனை தோளுக்குள் மாட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் பிரியாது. முதலில் மெல்லிய பலகையில் மாதிரி வெட்டி, பழைய விட்டத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் அதையே புதுத் துண்டில் வரைந்துகொள்வது நல்லது. பழைய விட்டம் எங்கேயும் நேராக இருக்காது. அதைச் சீவி நேராக்காமல், புதுத் துண்டை அதற்கு ஏற்பச் சீவுங்கள். ஒரு முகத்தில் நீலப் பொடி தடவிச் சேர்த்துப் பிரித்தால் எங்கே முட்டுகிறது என்று தெரியும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையாத அளவுக்கு வரும்வரை இழைத்தோம். ஒன்றரை நாள் ஆனது.

பசை போடவில்லை. தேக்கின் எண்ணெயில் பசை சரியாகப் பிடிக்காது, பின்னாளில் பழுது பார்ப்பவருக்கும் பிரிக்க வழி இருக்க வேண்டும். நடுவில் முக்கால் அங்குலத்தில் இரண்டு மர ஆணிகள். ஆணிக்கான மரத்தை அறுக்காமல் ரேகைப்படி பிளந்து எடுங்கள், விட்டத்தைவிட நன்றாகக் காய்ந்திருக்கட்டும். உள்ளே போனதும் ஈரம் வாங்கி உப்பி இறுகும். ஒரு பாதியில் போட்ட துளையை மற்றதைவிட ஒன்றரை மி.மீ. தோளின் பக்கமாகத் தள்ளிப் போட்டால், ஆணி இறங்கும்போதே இரண்டு பாதியையும் தோளோடு இழுத்துச் சேர்க்கும். அதற்கு மேல் தள்ளினால் ஆணி முறியும்.

மர ஆணி இணைப்பை நெருக்கிப் பிடிக்கும், ஆனால் கூரைப் பாரத்துக்கு அது மட்டும் போதாது. பொறியாளர் சொன்னபடி அணைப்பின் இரு முனைகளிலும் இரண்டிரண்டாக 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைப் பக்கவாட்டில் ஊடுருவிப் போட்டு, அகலமான வாஷரோடு இறுக்கினோம். சாதாரண இரும்பு இந்தக் கடற்காற்றில் துருவேறி உப்பி மரத்தையே பிளக்கும்.

சுவருக்குள் போகும் நுனியில் போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலை இரண்டு முறை பூசினோம். வைரத்துக்குள் அது அதிகம் இறங்காது, இருந்தாலும் முனை வழியே கொஞ்சம் போகும். குழிக்குள் நுனியின் பின்னாலும் இரு பக்கமும் ஓர் அங்குலம் காலி விடுங்கள். அங்கே சிமென்ட்டை வைத்து அடைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். விட்டத்தின் மேலே செங்கல்லோடு இருக்கும் சந்தில் ஜோடி ஜோடியாகத் தேக்கு ஆப்பு அடித்து, மிச்ச இடத்தில் கெட்டியான சுண்ணாம்புக் கலவையைக் குத்தித் திணித்தோம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். மூன்று வாரம் முட்டுகளை எடுக்கவில்லை. எடுத்தபோதும் ஒரே நாளில் எடுக்காமல், தினமும் ஜாக்கியைக் கால் சுற்று தளர்த்தி, விட்டத்தின் அடியில் கட்டிய நூலைப் பார்த்துக்கொண்டே எடுத்தோம்.

ஒரு வருடம் ஆனதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். முதல் மழைக்காலம் முடிந்த டிசம்பரில் ஈரமானியைச் சுவர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மண்ணடி வீட்டில் அப்போது நடுவில் 15, நுனியில் 17 வந்தது. நுனியில் 20ஐத் தாண்டியிருந்தால் மரத்தைத் தொடாமல் நேராக மொட்டைமாடிக்குப் போய், குழாய் வாயையும் கைப்பிடிச் சுவரின் அடியையும் பார்த்திருப்பேன்.